சண்டை கூடத்தில், சமாதானம் கதவுக்குப் பின்னால்

என் மகளின் ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸைத் தேடியபோது அந்தக் காகிதம் கிடைத்தது. எட்டாக மடித்து, ஸ்டிக்கர் அட்டைக்கு அடியில் செருகியிருந்தது. பிரித்தால், பள்ளியிலிருந்து வந்த சர்க்குலர். கல்லணைக்கும் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கும் ஒருநாள் சுற்றுலா, கட்டணம் 850 ரூபாய், பெற்றோர் கையெழுத்துடன் திருப்பித் தர வேண்டும். கடைசித் தேதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

“ஏம்மா இதைக் காட்டல?”

“மறந்துட்டேன்பா.”

மறந்துபோன காகிதம் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். எட்டாக மடித்து ஒளிந்திருக்காது. ராத்திரி தலை பின்னிவிடும்போது அவள் அம்மா மெதுவாகக் கேட்டாள். பத்து வயதுப் பெண், கண்ணாடியைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்: “நம்மகிட்டதான் காசு இல்லையே. அதனாலதானே நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டீங்க.”

அந்தச் சண்டை நடந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. எங்களைப் பொறுத்தவரை அது நடந்த ராத்திரியே முடிந்துவிட்டது.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. சீட்டு எடுத்த பணத்தில் 40,000 ரூபாயை என் தம்பிக்கு அனுப்பியிருந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லலாம் என்றுதான் இருந்தேன். என்னைப் போன்றவர்கள் எல்லோரும் சொல்லலாம் என்றுதான் இருப்போம். வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ் முந்திக்கொண்டது. அவள் தோசைக் கரண்டியோடு நின்று கேட்டாள். “நான் சம்பாதிக்கிறதுல என் தம்பிக்குக் குடுக்கக் கூடாதா?” என்றேன். “அப்ப நான் சம்பாதிக்கிறது எதுல சேரும்?” என்றாள். அங்கிருந்து என் அம்மா வந்தார், அவள் அண்ணன் கல்யாணம் வந்தது, மூன்று வருடத்துக்கு முந்தைய தீபாவளி வந்தது. கல்லில் தோசை கருகியது. கூடத்தில் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பென்சில் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. கவனித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

பதினொரு மணிக்குப் படுக்கையறையில், கதவைச் சாத்திக்கொண்டு, நான் சொல்லாமல் கொடுத்தது தப்பு என்றேன். கொடுத்ததில் அவளுக்கு வருத்தமில்லை, எஸ்எம்எஸ் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததுதான் வருத்தம் என்றாள். இனி 5,000 ரூபாய்க்கு மேல் எதுவானாலும் முதலில் பேசிக்கொள்வது. தம்பி மாதம் 5,000 திருப்பித் தருவது. கருகிய தோசையை நினைத்து இருவரும் சிரிக்கக்கூடச் செய்தோம். விடிகாலை ஐந்தரைக்கு நான் வேலையாகக் கோயம்புத்தூர் கிளம்பிவிட்டேன். புதன்கிழமை இரவுதான் திருச்சி திரும்பினேன்.

இதை மகள் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. பணத்தைச் சொல்லி அப்பாவும் அம்மாவும் கத்தினார்கள். சிங்க்கில் தட்டு விழுந்த சத்தம். பிறகு பேச்சில்லை. காலையில் எழுந்தால் அப்பா இல்லை, அப்பாவின் பையும் இல்லை. இத்தனையையும் வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை தனக்குத் தெரிந்த ஒரே வழியில் வீட்டைக் காப்பாற்றப் பார்த்தது. 850 ரூபாயை மிச்சம் பிடித்தது.

நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. சண்டைக்கு இடம் பார்ப்பதில்லை, கூடத்திலேயே வெடிக்கிறது. சமாதானத்துக்கு மட்டும் கூச்சம், அதைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்கிறோம். படத்தின் முதல் பாதியைப் பார்த்த குழந்தையை இடைவேளையில் வெளியே அனுப்பிவிட்டு, கிளைமாக்ஸை நாம் மட்டும் பார்க்கிறோம். மிச்சக் கதையை அது தானே எழுதிக்கொள்கிறது. குழந்தை எழுதும் கதையில் குற்றவாளி பெரும்பாலும் அதுவேதான்.

முடிவை மாற்றிப் பார்த்தவர்

இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர் அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழக உளவியலாளர் மார்க் கம்மிங்ஸ். 1981-இல் சக ஆய்வாளர்களுடன் அவர் வெளியிட்ட ஆய்வு நடக்கப் பழகும் வயதுக் குழந்தைகளைப் பற்றியது. வீட்டில் யார் யாரிடம் கோபப்பட்டாலும், அன்பு காட்டினாலும், குழந்தை என்ன செய்தது என்று அம்மாக்களையே பழக்கிக் குறிப்பெடுக்க வைத்தார்கள். கோபம் தன்மேல் இல்லாதபோதும் அந்த வயதுக் குழந்தைகள் அதைக் கவனித்தன, கலங்கின.

பிறகு வந்த ஆய்வுகள்தான் நமக்கு வேண்டியவை. ஓர் ஆணும் பெண்ணும் சண்டையிடும் காட்சிகளை நடிக்கவைத்துப் படமாக்கி, குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். சண்டைக்கு வெவ்வேறு முடிவுகள் வைத்தார்கள். ஒன்றில் சண்டை அப்படியே நின்றுவிடும், யாரும் இறங்கி வருவதில்லை. இன்னொன்றில் பேச்சு மாறும், அல்லது ஒருவர் சலிப்போடு விட்டுக்கொடுப்பார். வேறொன்றில் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். முடியாத சண்டைதான் குழந்தைகளை அதிகம் பாதித்தது. அரைகுறையாக முடிந்ததில் கொஞ்சம் நிம்மதி. முழுதாகத் தீர்ந்த சண்டையைப் பார்த்த குழந்தைகளோ, சண்டையே இல்லாத சாதாரணப் பேச்சைப் பார்த்தவர்களைப் போலவே கிட்டத்தட்ட அமைதியாக இருந்தார்கள்.

அதாவது சண்டையின் சத்தத்தைவிட அதன் முடிவுதான் குழந்தையிடம் அதிகம் பேசுகிறது. கம்மிங்ஸும் பேட்ரிக் டேவிஸும் 1994-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ‘இவர்களில் யார் பக்கம் நியாயம்?’ என்பது குழந்தையின் கேள்வி இல்லை. ‘இந்த வீடு நிற்குமா, நான் இங்கே பத்திரமாக இருப்பேனா?’ என்பதுதான். நம் வாதங்களில் அதற்கு அக்கறை கிடையாது. சண்டை முடிந்ததா என்று மட்டும் பார்க்கிறது.

எங்கள் வீட்டுக்கு நேராகப் பொருந்திய ஆய்வு ஒன்றும் உண்டு. சண்டையிட்டவர்கள் கதவுக்குப் பின்னால் போய், தீர்த்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு திரும்பி வந்தால்? சமாதானத்தை நேரில் பார்க்காவிட்டாலும் குழந்தைகளின் கலக்கம் வெகுவாகக் குறைந்தது. ‘நாங்கள் பேசித் தீர்த்துக்கொண்டோம்’ என்று வாயால் சொன்னாலும் பலன் இருந்தது. ஆக, கதவைச் சாத்தியது என் தவறு இல்லை. கதவைத் திறந்து இருவருமாக வெளியே வராமல், ஒருவர் ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடிக்கப் போனதுதான் தவறு.

மூடி மறைத்தால் ஆகாதா?

‘குழந்தை முன்னால சண்டை போடக் கூடாது’ என்று வளர்ந்த தலைமுறைதான் நாம். பாதி சரி. ஆனால் நடைமுறையில் இதை நாம் எப்படிக் கடைப்பிடிக்கிறோம்? சத்தத்தை மட்டும் அடக்கிக்கொள்கிறோம். பல்லைக் கடித்த குரலில் “ஒண்ணுமில்ல” என்கிறோம். தம்ளரை வைக்கும் வேகத்தில் ஒரு பத்தி கோபம் இருக்கிறது. கம்மிங்ஸின் காட்சிகளில் வாய் திறக்காத கோபமும் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்வது, முறைப்பது. குழந்தைகள் அதையும் கோபம் என்றுதான் படித்தார்கள், அதற்கும் கலங்கினார்கள்.

2020-இல் சாரா வாட்டர்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு கணவன் மனைவி சண்டையைப் பற்றியது அல்ல, ஆனாலும் இங்கே சொல்ல வேண்டும். ஏழு முதல் பதினோரு வயதுப் பிள்ளைகளின் அம்மா அப்பாக்களை முதலில் ஒரு மன அழுத்தமான வேலைக்கு உட்படுத்தினார்கள். பிறகு பாதிப் பேரிடம், பதற்றத்தைப் பிள்ளையிடம் காட்டிக்கொள்ளாதீர்கள் என்றார்கள். அடுத்து இருவரும் சேர்ந்து லெகோ கட்ட வேண்டும். வழிமுறைத் தாளைப் பெரியவர் பார்க்கலாம், கட்டைகளைத் தொடக் கூடாது. பிள்ளை தொடலாம், தாளைப் பார்க்கக் கூடாது. உணர்ச்சியை அடக்கிய பெற்றோர்கள் கத்தவில்லை, திட்டவில்லை. ஆனால் வழிகாட்டுவது குறைந்தது, கனிவு குறைந்தது. பிள்ளைகளும் பதிலுக்குச் சற்றே விலகினார்கள். எதையோ மறைக்கும் முகத்தோடு விளையாட யாருக்கும் பிடிப்பதில்லை.

‘குழந்தை தூங்கியாச்சு’ என்பது அடுத்த நம்பிக்கை. 2013-இல் ஆலிஸ் கிரஹாமும் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையிலான 20 குழந்தைகளைத் தூங்கும்போதே எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வைத்து, வெவ்வேறு தொனியில் பேசும் குரலைக் கேட்க வைத்தார்கள். பெற்றோரிடையே சச்சரவு அதிகமுள்ள வீட்டுக் குழந்தைகளின் மூளையில், மன அழுத்தத்தோடு தொடர்புள்ள பகுதிகள் கோபக் குரலுக்குக் கூடுதலாகத் துலங்கின. இருபது குழந்தைகளை வைத்துப் பெரிய முடிவு எதையும் எடுக்க முடியாது. தூங்குகிற குழந்தைக்குக் காது இல்லை என்று மட்டும் இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இன்னொரு புதிய மறைவிடம் வாட்ஸ்அப். ஒரே வீட்டில் கூடத்தில் ஒருவர், அறையில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு தட்டச்சில் சண்டை போடுகிறார்கள். சத்தம் வராது, உண்மைதான். ஆனால் அதே போனை வாங்கித்தான் பிள்ளை கேம் விளையாடுகிறது. மேலே நோட்டிஃபிகேஷன் வந்து நிற்கிறது.

எதை எடுத்துக்கொண்டு வெளியே போவது

எல்லாச் சண்டையையும் பிள்ளையிடமிருந்து ஒளிக்க வேண்டியதில்லை. ஃபேனை எந்த எண்ணில் வைப்பது, உறவுக்காரர் கல்யாணத்துக்கு என்ன மொய் எழுதுவது, யார் போய் கேஸ் புக் பண்ணுவது என்பதெல்லாம் பிள்ளை முன்னால் நடக்கலாம். இரண்டு பேர் வேறு வேறு மாதிரி நினைக்கிறார்கள், பேசுகிறார்கள், ஒரு முடிவுக்கு வருகிறார்கள் என்பதை அது வேறு எங்கே பார்க்கும்?

கட்டாயம் தள்ளி வைக்க வேண்டியவை, என் கணக்கில், மூன்று. முதலாவது, பிள்ளையைப் பற்றிய சண்டை. “நீ குடுக்கிற செல்லம்தான்”, “நீங்க ஒரு நாளாவது உக்காந்து சொல்லிக்குடுத்திருக்கீங்களா” என்று மார்க் அட்டையை நடுவில் வைத்துக்கொண்டு நடப்பது. ஜான் கிரிச், ஃபிராங்க் ஃபிஞ்சம் என்ற இரு உளவியலாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளையைப் பற்றி எழும் சண்டைதான் மற்றவற்றைவிட வெட்கத்தையும், தன்னையும் இதில் இழுத்துவிடுவார்களோ என்ற பயத்தையும் கூட்டியது. இது உன்னால் வந்தது இல்லை என்ற விளக்கம் கிடைத்தபோது அந்தப் பயம் இறங்கியது.

இரண்டாவது, வீட்டை விட்டுப் போவேன் என்ற பேச்சு. “நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்” என்பதைச் சொல்லும் பெண்ணுக்கும் தெரியும், கேட்கும் கணவனுக்கும் தெரியும், அது பேருந்து ஏறும் பேச்சு இல்லை என்று. பிள்ளைக்கு மட்டும் தெரியாது. அதற்கு அது தகவல். மூன்றாவது, தாத்தா பாட்டியை, சித்தப்பாவை, மாமாவை இழிவாகப் பேசுவது. அந்தப் பிள்ளை நாளைக்கு அவர்கள் மடியில் உட்கார வேண்டும்.

தள்ளிவைப்பதற்கும் ஒரு முறை வேண்டும். “இப்ப வேணாம், அப்புறம் பேசலாம்” என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அப்புறம் வருவதில்லை. எங்கள் வீட்டில் இப்போது நேரமும் இடமும் சொல்லித்தான் தள்ளிவைப்பது: “ஒன்பதரைக்கு, மாடியில.” பிள்ளையின் காதில் விழும்படியே சொல்கிறோம். ஏதோ இருக்கிறது, அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அதற்குத் தெரியட்டும். தம்பதிகளின் சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆய்வகத்தில் படம்பிடித்துப் பார்த்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது, இறங்கக் குறைந்தது இருபது நிமிடம் வேண்டும் என்கிறார். அந்த இருபது நிமிடத்தையும் மனதுக்குள் பதில் தயாரித்துக்கொண்டே கழித்தால் பயனில்லை. பாத்திரம் தேய்க்கலாம், துணி மடிக்கலாம். (மொட்டை மாடியில் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைக்குக் கேட்காது, எதிர்வீட்டு மாமிக்குக் கேட்கும். ஆகவே குரல் தானாகவே இறங்கிவிடுகிறது. இது நாங்கள் எதிர்பார்க்காத லாபம்.)

“உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆயிடுச்சுன்னு”

கத்துகிற சண்டையைவிட நம் ஊரில் அதிகம் நடப்பது பேசாத சண்டை. இரண்டு நாள், நான்கு நாள், சில வீடுகளில் மாதக்கணக்கு. சமைப்பது நிற்காது, துணி துவைப்பது நிற்காது, பேச்சு மட்டும் நிற்கும். ஆனால் வீடு நடக்க வேண்டுமே. நடுவில் பிள்ளை ஓடுகிறது. “உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆயிடுச்சுன்னு.” “பசிக்கலைன்னு சொல்லு உங்கம்மாகிட்ட.” மூன்றடி தூரம், இரண்டு பேருக்கும் எல்லாமே கேட்கிறது, இருந்தாலும் செய்தி பிள்ளை வழியாகத்தான் போக வேண்டும்.

இந்தத் தூதுக்கு வயது அதிகம். சங்க அகப்பாடல்களில் ஊடல் தீர்க்கப் போகிறவர்களுக்கு ‘வாயில்’ என்று பெயர். பாணன் போவான், தோழி போவாள். மருதத்திணையில் சில பாடல்களில், பரத்தையிடம் போய்த் திரும்பிய தலைவன் தெருவில் விளையாடும் தன் மகனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவான். மகனைப் பார்த்தால் தலைவியால் கதவைச் சாத்த முடியாதே. பாடலாகப் படிக்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. அந்த மகன் அப்போது என்ன நினைத்தான் என்று எந்தப் புலவரும் எழுதவில்லை என்பதை நான் இப்போதுதான் கவனிக்கிறேன்.

தூது போகும் பிள்ளை சீக்கிரமே கெட்டிக்காரனாகிவிடும். “பசிக்கலையாம்” என்று அம்மா கேட்கும் விதத்தில் சொன்னால் சண்டை நீளும் என்று தெரிந்து, “அப்புறமா சாப்பிடுறாராம்” என்று மாற்றிச் சொல்லும். நாம் அதைச் சமத்து என்கிறோம். ஏழு வயதில் அது இரண்டு பெரியவர்களின் மனநிலையை அளந்து, வார்த்தைகளைத் திருத்தி, வீட்டை ஓட்டிக்கொண்டிருக்கிறது. திடீரென்று ரொம்பச் சமத்தாகிவிட்ட பிள்ளை, கேட்காமலேயே தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் பிள்ளை, இருவரும் ஒரே அறையில் இருந்தால் கோமாளித்தனம் செய்து சிரிக்க வைக்கும் பிள்ளை, இவர்களைப் பார்த்தால் பெருமைப்படும் முன்பு வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசிக்க வேண்டும். சண்டை வந்ததும் அடம் பிடிக்கும், வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும் பிள்ளையும் அதே வேலையைத்தான் வேறு வழியில் செய்கிறது. நீங்கள் உங்கள் சண்டையை விட்டுவிட்டு என்னைப் பாருங்கள் என்கிறது.

சரிசெய்வது எளிது, ஆனால் கௌரவம் இடிக்கும். பேசாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளையிடம் சொல்லி அனுப்பாமல் நேரே போய், “சாப்பாடு ஆயிடுச்சு” என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும். கோபம் இருக்கட்டும். தூதுவர் பதவியை மட்டும் ரத்து செய்யுங்கள்.

நான்கு நிமிடம்

சர்க்குலர் கிடைத்த அன்று இரவு மூன்று பேரும் கூடத்தில் பாயில் உட்கார்ந்தோம். மனைவியும் நானும் முன்கூட்டியே இரண்டு விஷயம் பேசி வைத்திருந்தோம்: சித்தப்பாவுக்கு ஏன் பணம் தேவைப்பட்டது என்ற கதைக்குள் போகக் கூடாது, யார் சரி என்பதை மறுபடி கிளறக் கூடாது.

“அன்னிக்கு ஞாயித்துக்கிழமை நாங்க கத்தினோம்ல, அது உனக்கு பயமா இருந்திருக்கும்” என்று ஆரம்பித்தேன். ‘பயமா இருந்துச்சா?’ என்று கேட்டால் ‘இல்ல’ என்பாள் என்று மனைவி முன்பே எச்சரித்திருந்தாள். “நான் சித்தப்பாவுக்குப் பணம் குடுத்தேன். அம்மாகிட்ட சொல்லல. அதுதான் சண்டை. நம்மகிட்ட காசு இல்லாமப் போயிடல. உனக்காகச் செலவு பண்றதும் இதுக்குக் காரணம் இல்ல.”

பிறகு மனைவி பக்கம் திரும்பி, படுக்கையறையில் ஒரு தடவை சொன்னதையே மறுபடி சொன்னேன்: “உன்கிட்ட கேக்காம குடுத்தது என் தப்பு.” இது கொஞ்சம் நாடகம்தான். எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் அவள், ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் சொன்னாள். “நானும் அன்னிக்கு உங்க அம்மாவை இழுத்திருக்கக் கூடாது. அது எனக்கே அப்புறம் கஷ்டமா இருந்துச்சு.” அதை அவள் அறைக்குள் சொல்லியிருக்கவில்லை. அந்த இடத்தில் நாடகம் முடிந்துவிட்டது. மகள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இனிமேல் 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் இரண்டு பேரும் பேசித்தான் முடிவு செய்வோம் என்று சொன்னோம். அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். “கடைசித் தேதி முடிஞ்சாலும் மிஸ் வாங்கிப்பாங்களா?” என்று கேட்டாள். மொத்தம் நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

பிறகு யோசித்தபோது, பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் அந்த நான்கு நிமிடத்தில் வந்துவிட்டது என்று தோன்றியது. என்ன நடந்தது என்று ஒரு வரி, அது உன்னால் இல்லை என்று ஒரு வரி, எப்படி முடிந்தது என்று ஒரு வரி, நடுவே ஒருவர் மற்றவரிடம் கேட்கும் நிஜமான மன்னிப்பு. கூடுதலாகச் சொல்லத் தொடங்கினால் அது பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதாகிவிடும். “நீயே சொல்லு, அப்பா செஞ்சது சரியா?” என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், எல்லாம் கெட்டது.

வயதுக்கு ஏற்ப இது மாறும். மூன்று வயதுக்கு விளக்கம் எதற்கு? அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் பேசி, அதைத் தூக்கி நடுவில் வைத்துக்கொண்டால் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். பதினைந்து வயதுப் பையனிடம் பாயில் உட்கார்ந்து இந்த உரையை நிகழ்த்தினால் “அய்யோ, விடுங்கப்பா” என்று ஹெட்போனை மாட்டிக்கொள்வான். அவனுக்கு, போகிற போக்கில், “நேத்து நடந்தது பேசித் தீத்துட்டோம்டா” போதும். கேட்காத மாதிரி இருப்பான். கேட்டிருப்பான்.

சமாதானம் போலத் தோன்றி, சமாதானம் ஆகாதவையும் நம்மிடம் நிறைய உண்டு. சண்டைக்கு அடுத்த நாள் எந்தப் பேச்சும் இல்லாமல் பிரியாணிப் பார்சல் வருவது. “சரி தாயே, நான்தான் தப்பு, போதுமா?” என்று கும்பிடு போடுவது. பிள்ளை பார்க்கிறதே என்று அவசரமாகத் தோளில் கை போட்டுக்கொள்வது. கூட்டுக் குடும்பமாக இருந்தால் பாட்டி வந்து “ஒண்ணுமில்லடா கண்ணா, போய் விளையாடு” என்று அனுப்பிவிடுவது. பாட்டியின் நோக்கம் தங்கம். ஆனால் தன் காதால் கேட்டதை ‘ஒண்ணுமில்ல’ என்று ஒரு பெரியவர் சொல்லும்போது, பிள்ளை தன் காதைத்தான் சந்தேகிக்க ஆரம்பிக்கும்.

சில சண்டைகள் ஒரே நாளில் தீராது. மாமியாரை எங்கே வைத்துக்கொள்வது, ஊர் மாறுவதா வேண்டாமா என்பதெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும். தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல வேண்டாம். “இதுல நாங்க இன்னும் ஒத்துப்போகல. பேசிட்டு இருக்கோம். அதுக்காக ஒருத்தர் மேல ஒருத்தருக்குக் கோவம் இல்ல” என்று சொல்லலாம். கடைசி வரி உண்மையாக இருக்கும் நாளில் சொல்ல வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மேலே எழுதியதெல்லாம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயப்படாமல் பேச முடிகிற வீடுகளுக்கு. அடி விழுகிற வீட்டில், மறுநாள் அழுது மன்னிப்புக் கேட்டு, பூவும் அல்வாவும் வாங்கிவந்து, பத்து நாளில் மறுபடி கை ஓங்குகிற வீட்டில், அந்த மன்னிப்பைப் பிள்ளைக்குக் காட்டுவதால் அது கற்றுக்கொள்வது வேறு பாடம். அடிக்கலாம், பிறகு சாரி சொன்னால் சரியாகிவிடும் என்ற பாடம். அங்கே தேவை சமாதானம் இல்லை, பாதுகாப்பு. 2005-இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் வன்முறையாகப் பார்க்கவில்லை. இழிசொல்லும், மிரட்டலும், பணத்தைப் பிடித்துவைப்பதும் அதில் அடக்கம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்கள் இருக்கின்றன. நம் வீடு இதில் எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு: சண்டையின்போது வீட்டில் ஒருவர் மட்டும் எப்போதும் பயந்துபோய் வாயை மூடிக்கொள்கிறாரா? ஆம் என்றால் அது கருத்து வேறுபாடு இல்லை.

கல்லணைக்கு அவள் போய்வந்தாள். மிஸ் பணம் வாங்கிக்கொண்டார். பெரிய கோயில் நந்தியைவிட, பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடந்த சண்டையைப் பற்றித்தான் அதிகம் சொன்னாள்.

தம்பி முதல் இரண்டு மாதம் ஒழுங்காக 5,000 அனுப்பினான். போன மாதம் வரவில்லை. வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“சித்தப்பா இந்த மாசம் குடுத்துட்டாராப்பா?”

“இன்னும் இல்லம்மா.”

பென்சில் நின்றது. இந்தத் தடவை எனக்குக் கேட்டது. அவள் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”

சொல்லியிருக்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனேன்.